சங்கராபரணம் ஏன் ஒளிர்கிறது?

(திருவிடைமருதூரில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மகாலிங்கசுவாமி குடிகொண்ட இந்த ஊர் நாகஸ்வரத்துக்கு வீருசாமிப் பிள்ளையைத் தந்தது. கோட்டுவாத்தியத்துக்கு சகாராம ராவைத் தந்தது. செம்மங்குடி சீனிவாசய்யர் இளம் வயதில் அந்த சகாராம ராவிடம் பாடம் கேட்டவர். பக்கத்தில் நாகஸ்வரம் கடையும் நரசிங்கம்பேட்டை; அதற்கும் கிழக்கே, ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை. சுரம் என்றால் என்ன என்று இப்பகுதி மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் நாள்தோறும் கேட்கிற ஒரு விஷயத்துக்குக் காரணம் என்ன என்பதைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன்.

சங்கராபரணத்தின் ஆரோகணத்தை யாராவது நேராகப் பாடினால், அதில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. இசை தெரியாதவர்கூட அதைத் தெளிவு, மலர்ச்சி, நிமிர்வு என்று ஏதோ ஒரு சொல்லால் சொல்லிவிடுவார். மேலை இசையில் இதையே மேஜர் ஸ்கேல் என்கிறார்கள். அவர்களும் இதை ஒளியோடுதான் சேர்த்துப் பேசுகிறார்கள். கடல் கடந்து இரண்டு மரபுகள் ஒரே சுர வரிசையைப் பற்றி ஏறக்குறைய ஒரே விதமாக உணர்கின்றன என்றால், அதற்குப் பழக்கம் மட்டும் காரணமாக இருக்க முடியுமா? அந்த வரிசையின் அமைப்பிலேயே ஏதாவது இருக்கிறதா? இதுதான் இன்றைய கேள்வி.

கட்டைக் கணக்கில் ஒளிந்திருக்கும் சங்கராபரணம்

கச்சேரி மேடையில் சுருதி சொல்லும்போது ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, இரண்டு, இரண்டரை, மூன்று என்று சொல்கிறோம். மூன்றுக்கு அடுத்து நேராக நாலு கட்டைக்குப் போய்விடுகிறோம். மூன்றரைக் கட்டை என்று யாரும் சுருதி வைப்பதில்லை. நாலரை உண்டு, ஐந்தரை உண்டு, ஆறரை உண்டு. ஏழு கட்டைக்குப் பிறகு மேல் ஸ்தாயியின் ஒரு கட்டை வந்துவிடும். ஏழரைக் கட்டையும் கிடையாது.

இதற்குக் காரணம் ஆர்மோனியத்தின் அமைப்பு. வெள்ளைக் கட்டைகள் முழு எண்கள். நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் அரை எண்கள். மூன்றாவது வெள்ளைக்கும் நாலாவது வெள்ளைக்கும் நடுவில் கறுப்பு இல்லை. ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவிலும் இல்லை. அந்த இரண்டு இடங்களிலும் இடைவெளி அரை அளவுதான். மற்ற ஐந்து இடங்களிலும் முழு அளவு.

ஒரு கட்டையைச் சட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசியுங்கள். முழு, முழு, அரை. நடுவில் ஒரு முழு. மறுபடி முழு, முழு, அரை. அதுதான் சங்கராபரணம். சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், காகலி நிஷாதம். 29ஆவது மேளம். சட்ஜம் முதல் மத்தியமம் வரை உள்ள கீழ்ப்பாதியும், பஞ்சமம் முதல் மேல் சட்ஜம் வரை உள்ள மேல்பாதியும் ஒரே அச்சில் வார்த்தவை. இந்த ஒழுங்கு பின்னால் நமக்குப் பயன்படும்.

அதே ஏழு சுரம், வேறு வேறு முகம்

பலர் இந்த முழு, அரை வரிசையைச் சொல்லிவிட்டு, ஒளிக்கு இதுதான் காரணம் என்று முடித்துவிடுகிறார்கள். அது போதாது என்பதை ஒரு சோதனையில் பார்த்துவிடலாம்.

அதே வெள்ளைக் கட்டைகளைத் தொடர்ந்து வாசியுங்கள். சுருதிப் பெட்டியை மட்டும் ஆறு கட்டைக்கு மாற்றுங்கள். விரல்கள் தொடுவது அதே ஏழு சுரங்கள். அவற்றுக்கு நடுவில் உள்ள முழு, அரை இடைவெளிகளும் அவையே. ஆனால் காதில் விழுவது நடபைரவி. சுருதியை மூன்று கட்டைக்கு மாற்றினால் தோடி எழும். இரண்டில் கரகரப்பிரியா, நாலில் கல்யாணி, ஐந்தில் அரிகாம்போதி. ஏழு கட்டையில் வைத்தால் மட்டும் பஞ்சமம் சரியாக அமையாது. அதனால் அது நமக்கு ராகமாகப் பயன்படுவதில்லை.

வித்வான்கள் இதைக் கிரக பேதம் என்கிறார்கள். நம் பழந்தமிழிசையில் இது பாலைத் திரிபு. சிலப்பதிகாரம் சொல்லும் ஏழ்பெரும்பாலைகளை ஆராய்ந்தவர்கள் பலர் செம்பாலையை அரிகாம்போதியாகக் கொள்கிறார்கள். அந்தச் செம்பாலையில் உழை என்னும் சுரத்தைக் குரலாக, அதாவது சட்ஜமாகக் கொண்டால் பிறப்பது அரும்பாலை. அதுதான் சங்கராபரணம். தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்திலும், விபுலானந்த அடிகள் 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றிய யாழ் நூலிலும் இந்தப் பாலைக் கணக்குகளுக்காகவே பெரிய உழைப்பு செலவாகியிருக்கிறது. இரண்டும் இந்தக் காவிரிக் கரையில் வெளிவந்த நூல்கள்.

இந்தச் சோதனையிலிருந்து நாம் பெறும் முதல் முடிவு இது. ஒளி என்பது இடைவெளிகளின் வரிசையில் மட்டும் இல்லை. அந்த வரிசையில் சட்ஜம் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதில் இருக்கிறது. நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவர் ஒரே சுரத்தை விடாமல் ஊதுகிறாரே, அவர்தான் மற்ற சுரங்களுக்கெல்லாம் பொருள் தருகிறார். ஒத்தை நிறுத்திவிட்டால் அந்த ஏழும் வெறும் ஏழு ஓசைகள்.

ஒவ்வொரு படியாக இருட்டுவது

இப்போது சோதனையைத் திருப்பிப் போடுவோம். சட்ஜத்தை ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டு, இந்த ஆறு ராகங்களையும் அதே சட்ஜத்திலிருந்து பாடிப் பாருங்கள். ஓர் அழகான ஒழுங்கு தெரியும்.

கல்யாணியில் எல்லாச் சுரங்களும் உயர்ந்த நிலையில் இருக்கின்றன. அதில் மத்தியமத்தை மட்டும் ஓர் அரை இடைவெளி இறக்கினால் சங்கராபரணம். அதிலிருந்து நிஷாதத்தை இறக்கினால் அரிகாம்போதி. அடுத்து காந்தாரத்தை இறக்கினால் கரகரப்பிரியா. தைவதத்தை இறக்கினால் நடபைரவி. கடைசியாக ரிஷபத்தையும் இறக்கினால் தோடி. ஒரு படிக்கு ஒரே ஒரு சுரம்தான் மாறுகிறது. ஒவ்வொரு படியிலும் நிறம் சற்று ஆழ்ந்துபோவதைக் காது தெளிவாக உணரும்.

எந்தச் சுரம் முதலில் இறங்குகிறது, எது கடைசி என்பதிலும் காரணம் உண்டு. சட்ஜத்துக்குப் பஞ்சமம் எப்படியோ, அப்படிப் பஞ்சமத்துக்கு ரிஷபம், ரிஷபத்துக்குத் தைவதம், தைவதத்துக்குக் காந்தாரம், காந்தாரத்துக்கு நிஷாதம், நிஷாதத்துக்குப் பிரதி மத்தியமம். இப்படிப் பஞ்சம உறவாகவே கோத்துக்கொண்டு போவது பழந்தமிழர் சொன்ன இளி முறை. இந்தச் சங்கிலியில் சட்ஜத்திலிருந்து மிகத் தள்ளி நிற்பது பிரதி மத்தியமம். முதலில் இறங்குவது அதுதான். அடுத்து நிஷாதம், காந்தாரம், தைவதம், ரிஷபம் என்று கடைசிக் கண்ணியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று, சட்ஜத்துக்குப் பின்பக்கம் போய்ச் சேர்கின்றன.

சங்கராபரணத்தில் சுத்த மத்தியமம் ஒன்றுதான் பின்பக்கம் இருக்கிறது. மற்ற ஐந்தும் சட்ஜத்திலிருந்து மேல் நோக்கிப் பிறந்தவை. தோடியில் கணக்கு நேர் தலைகீழ். பஞ்சமம் ஒன்றுதான் முன்னால். மற்ற ஐந்தும் பின்னால். எனவே சங்கராபரணமும் தோடியும் ஏதோ இரண்டு வேறு ராகங்கள் என்று நிறுத்திவிட முடியாது. அவை ஒன்றுக்கொன்று எதிர்முனை. இதைத் தந்தியில் அளந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

சகாராம ராவின் வாத்தியத்தில் அளந்து பார்த்தால்

இந்த ஊரில் இந்த விஷயத்தைப் பேசுவதற்குக் கோட்டுவாத்தியத்தைவிடப் பொருத்தமான கருவி இல்லை. வீணையில் மெட்டுகள் சுர ஸ்தானங்களை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன. கோட்டுவாத்தியத்தில் மெட்டு கிடையாது. வாசிப்பவர் கையில் இருக்கும் கோட்டைத் தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு போய், காது சொல்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். அதனால் தந்தியின் நீளமே சுரத்தின் அளவுகோல் ஆகிவிடுகிறது.

கணக்குக்கு வசதியாக 90 சென்டிமீட்டர் நீளமுள்ள தந்தி என்று வைத்துக்கொள்வோம். முழுத் தந்தியை மீட்டினால் சட்ஜம். கோட்டை நகர்த்தி, ஒலிக்கும் பகுதி 80 சென்டிமீட்டர் ஆனால் ரிஷபம். 72இல் அந்தர காந்தாரம். 67.5இல் சுத்த மத்தியமம். 60இல் பஞ்சமம். 54இல் தைவதம். 48இல் காகலி நிஷாதம். சரிபாதி 45இல் மேல் சட்ஜம்.

சட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்குக் கோடு 10 சென்டிமீட்டர் நகர்கிறது. ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு 8. ஆனால் காந்தாரத்திலிருந்து மத்தியமத்துக்கு வெறும் நாலரை. மேலே போகப் போகத் தந்தியில் எல்லா இடைவெளிகளுமே குறுகும் என்பது உண்மைதான். ஆனாலும் தைவதத்திலிருந்து நிஷாதத்துக்கு 6 சென்டிமீட்டர் இருக்கும்போது, நிஷாதத்திலிருந்து மேல் சட்ஜத்துக்கு 3தான் என்பது கையிலேயே தெரியும். இரண்டு இடங்களிலும் கை நீளமாக இரண்டு எட்டு வைத்துவிட்டுக் கடைசியில் ஒரு சின்ன எட்டில் போய் நிற்கிறது.

அந்தச் சின்ன எட்டு எங்கே போய் முடிகிறது என்பதுதான் முக்கியம். ஒன்று மத்தியமத்தில் முடிகிறது; மற்றொன்று சட்ஜத்தில். இந்த இரண்டும் ஓய்வெடுக்கும் இடங்கள். சட்ஜத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சுத்த மத்தியமமும் தந்தியின் முக்கால் பாகத்தில் பிறந்து, சட்ஜத்தோடு நெருக்கமாக இணங்குவது. ஓய்விடத்துக்கு மிக அருகில் ஒரு சுரம் நின்றால், காது அதை அந்த ஓய்விடத்தோடு சேர்த்தே கேட்கிறது. காகலி நிஷாதத்தைப் பாடி நிறுத்திவிட்டால் சபையே மேல் சட்ஜத்துக்காகக் காத்திருப்பதைப் பாடகர்கள் எல்லோரும் அறிவார்கள். சங்கராபரணத்தில் இரண்டு அரை இடைவெளிகளும் ஓய்விடத்துக்குக் கீழே இருக்கின்றன. எனவே அவற்றின் இழுப்பு மேல் நோக்கியே இருக்கிறது. காந்தாரம் மத்தியமத்தை நோக்கி ஏறுகிறது. நிஷாதம் சட்ஜத்தை நோக்கி ஏறுகிறது.

இப்போது தோடியைப் பாருங்கள். அங்கே அரை இடைவெளிகள் எங்கே? சட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் நடுவில் ஒன்று. பஞ்சமத்துக்கும் சுத்த தைவதத்துக்கும் நடுவில் ஒன்று. இரண்டும் ஓய்விடத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கின்றன. ரிஷபம் சட்ஜத்தில் வந்து விழுகிறது; தைவதம் பஞ்சமத்தில் வந்து விழுகிறது. இழுப்பு முழுவதும் கீழ் நோக்கி. சங்கராபரணத்தின் இடைவெளிகளை மேல் சட்ஜத்திலிருந்து இறங்கு வரிசையில் எழுதினால் அரை, முழு, முழு, முழு, அரை, முழு, முழு என்று வரும். அதையே கீழ் சட்ஜத்திலிருந்து ஏறு வரிசையாகப் பாடினால் தோடி. சங்கராபரணத்தைக் கண்ணாடியில் பார்த்தால் தெரிவது தோடி. ஒன்று ஏறும்போது எந்த அடிகளை வைக்கிறதோ, அதே அடிகளை மற்றொன்று இறங்கும்போது வைக்கிறது.

பாலைக் கணக்கில் தோடியின் பெயர் விளரிப்பாலை. விளரி என்ற பெயரைச் சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்து இரங்கலோடு சேர்த்தே வழங்கினார்கள்.

தம்புராவுக்குள் இருக்கும் காந்தாரம்

இரண்டாவது காரணம் காந்தாரம். மேலை நாட்டாரும் மேஜர், மைனர் என்று பிரிப்பதற்கு முதன்மையாக இந்த ஒரு சுரத்தைத்தான் அடையாளமாகக் கொள்கிறார்கள்.

நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தியை மீட்டிவிட்டுக் கவனமாகக் கேளுங்கள். சற்று நேரத்தில் யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் அதற்குள்ளிருந்து எழும். அது அந்தர காந்தாரம். தானே தோன்றுவதால் அதை சுயம்பு காந்தாரம் என்பார்கள். அது மாயம் இல்லை. ஒரு தந்தி அதிரும்போது முழு நீளத்திலும் அதிர்கிறது. கூடவே பாதியாகவும், மூன்றில் ஒன்றாகவும், நாலில் ஒன்றாகவும், ஐந்தில் ஒன்றாகவும் அதிர்கிறது. பாதியில் மேல் சட்ஜம், மூன்றில் ஒன்றில் பஞ்சமம், நாலில் ஒன்றில் அதற்கும் மேல் சட்ஜம். ஐந்தில் ஒன்றில் பிறப்பது அந்தர காந்தாரம்.

இதை எண்ணில் பார்த்துவிடுவோம். மந்தர சட்ஜம் நொடிக்கு 120 அதிர்வு என்று கொள்வோம். அதன் ஐந்து மடங்கு 600. பாடகர் மத்திய ஸ்தாயியில் பாடும் அந்தர காந்தாரம் 300. குரலுக்கும் இரு மடங்கு அதிர்வு உண்டு, அதுவும் 600. தம்புரா ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பதையே குரலும் சொல்கிறது. இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும்போது ஏற்படும் தெளிவைத்தான் நாம் வெளிச்சம் என்று உணர்கிறோம்.

கரகரப்பிரியாவின் சாதாரண காந்தாரத்தைப் பாடினால், குரல் 288. இரு மடங்கு 576. தம்புராவின் 600க்குப் பக்கத்தில் இந்த 576 வந்து நிற்கிறது. இரண்டும் கரைவதில்லை, சற்று உரசுகின்றன. இது அபசுரம் அல்ல. சாதாரண காந்தாரத்துக்கும் சட்ஜத்தோடு தனக்கான இணக்கம் உண்டு. ஆனால் அது இன்னும் மேலே, மெலிந்த அதிர்வுகளில்தான் கிடைக்கிறது. அந்த மெல்லிய உரசல்தான் கரகரப்பிரியாவின் ஆழத்துக்கு ஒரு காரணம். நம் தந்தியில் சாதாரண காந்தாரம் 75 சென்டிமீட்டரில் இருக்கும். அந்தர காந்தாரம் 72. இந்த மூன்று சென்டிமீட்டரில்தான் முகம் மாறுகிறது.

இங்கே ஒரு பிழை நேர்வது வழக்கம். ஆர்மோனியமும் கீபோர்டும் எல்லா அரை இடைவெளிகளையும் சமமாகப் பங்கிட்டவை. நம் கணக்கில் 300 ஆக இருக்க வேண்டிய காந்தாரம் அவற்றில் ஏறக்குறைய 302.4. சின்ன வித்தியாசம்தான். ஆனால் இரு மடங்கில் அது 604.8 ஆகிவிடும். தம்புராவின் 600ஓடு சேரும்போது நொடிக்கு ஏறத்தாழ ஐந்து விம்மல்கள் எழும். கீபோர்டை மட்டும் கேட்டுப் பயின்ற மாணவர் தம்புராவோடு பாட உட்காரும்போது, காந்தாரம் ஏதோ கூர்மையாக, நிலைகொள்ளாமல் நடுங்குவதுபோல் இருக்கும். என்ன பிழை என்று அவருக்குத் தெரியாது. கண்டுபிடிக்க வழி எளிது: காந்தாரத்தில் அசையாமல் நின்று, நடுக்கம் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நிற்கும்வரை குரலை மயிரிழை இறக்குங்கள். நடுக்கம் நின்ற இடம்தான் காந்தாரம்.

கல்யாணி இன்னும் ஒளி என்றால்?

கூர்மையானவர்கள் இந்நேரம் ஒரு கேள்வி எழுப்பியிருப்பார்கள். எல்லாச் சுரமும் உயர்ந்திருப்பது கல்யாணியில்தானே? அப்படியென்றால் அதுதானே மிக ஒளியான ராகம்? சங்கராபரணத்தை ஏன் அடிப்படையாகக் கொள்ள வேண்டும்?

கல்யாணி கூடுதல் ஒளி என்பது சரிதான். ஆனால் அதில் ஓய்வு குறைவு. பிரதி மத்தியமம் சட்ஜத்தோடு நேரடியாக இணங்குவதில்லை; பஞ்சமத்துக்கு ஏறத் துடிக்கிறது. சங்கராபரணத்தின் சுத்த மத்தியமம், கீழ்ப்பாதியின் முடிவில் கால் ஊன்றும் இடம் ஒன்றைத் தருகிறது. அதனால்தான் சங்கராபரணத்தின் ஒளி கண்ணைக் கூசாமல் நிதானமாக இருக்கிறது. மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே அளவில் இருப்பதும் இந்த மத்தியமத்தால்தான். கல்யாணியில் அந்த இரட்டை ஒழுங்கு இல்லை.

இந்த ஒரு சுரம் எவ்வளவு நுட்பமானது என்பதை நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் அறிவார்கள். பழைய திமிரி நாகஸ்வரத்தில் சுத்த மத்தியமம் எளிதில் சரியாகப் பேசாது. வித்வான் சீவாளியிலும் மூச்சிலும் சரிக்கட்டி அதைக் கொண்டுவர வேண்டும். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ஆச்சா மரத்தில் நீளமான பாரி நாகஸ்வரத்தை வடிவமைத்தபோது சுருதியும் இறங்கியது, சுத்த மத்தியமமும் சரியான இடத்துக்கு வந்தது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமைக்குள் ஒரு மத்தியமத்தைத் தேடிய உழைப்பும் அடங்கியிருக்கிறது.

பேச்சிலும் இது தெரிகிறது

உயர்ந்து நிற்கும் சுரங்கள் ஏன் மலர்ச்சியாகத் தோன்ற வேண்டும்? மனிதக் குரலையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கிறது. உற்சாகமாகப் பேசும்போது நம் குரல் பெரிய அளவில் ஏறி இறங்குகிறது. துயரத்தில் பேசும்போது குரல் ஒரே மட்டத்தில் சுருண்டுகொள்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் போலிங் முதலியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தமிழ்ப் பேச்சிலேயே அளந்து பார்த்தது. தமிழ் பேசுவோர், ஆங்கிலம் பேசுவோர் என இரு சாராரின் பேச்சையும், கர்நாடக இசை, மேலை இசை ஆகிய இரண்டையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். உற்சாகம் சார்ந்த இசையில் சுரத்துக்குச் சுரம் உள்ள தாண்டல்கள் பெரிதாகவும், அடங்கிய உணர்ச்சி சார்ந்த இசையில் சிறிதாகவும் இருந்தன. இரு மொழிப் பேச்சிலும் அதே போக்கு.

சங்கராபரணம் சட்ஜத்திலிருந்து புறப்படும்போது இரண்டு முழு எட்டுகள் வைத்துக் கிளம்புகிறது. தோடி ஓர் அரை எட்டோடு தயங்கிப் புறப்படுகிறது. மகிழ்ச்சியில் ஒருவர் பேசத் தொடங்குவதற்கும், மனச்சுமையோடு ஒருவர் பேசத் தொடங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதில் ஒலிக்கிறது.

இந்த விளக்கத்தின் எல்லை

இதோடு நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னவன் ஆவேன். இடைவெளி வரிசை ஒரு ராகத்துக்குத் தருவது நிறத்தை மட்டும்தான். உணர்ச்சியை முடிவு செய்வது அது மட்டும் அல்ல.

திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இதற்கு ஒருவரே இரண்டு சான்று தருகிறார். ஆங்கிலேயர் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். அவைதான் நோட்டு ஸ்வரங்கள். ஏறக்குறைய நாற்பது கிடைக்கின்றன. அவற்றில் "சந்ததம் பாஹிமாம்" பிரிட்டிஷ் அரசரின் வாழ்த்துப் பாடல் மெட்டிலேயே அமைந்தது. சுரங்கள் அசையாமல், வெட்டியெடுத்ததுபோல் நிற்கும். குழந்தைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். அதே தீட்சிதர் அதே சங்கராபரணத்தில் கீவளூர்ச் சிவபெருமான் மேல் பாடிய "அக்ஷயலிங்க விபோ" கீர்த்தனையைக் கேளுங்கள். சௌக்க காலத்தில், மத்தியமமும் நிஷாதமும் கமகத்தில் அசைந்து அசைந்து வரும்போது, அதே சுர வரிசை கம்பீரமாக, உள்நோக்கியதாக ஆகிவிடுகிறது. ஸ்தானங்கள் மாறவில்லை. காலமும் கமகமும் மாறியிருக்கின்றன.

நீலாம்பரியும் சங்கராபரணத்தில் பிறந்ததுதான். தொட்டிலில் பாடுவதும், பள்ளியறை நேரத்தில் நாகஸ்வரத்தில் ஒலிப்பதும் அந்த ராகம். அதில் உற்சாகம் இல்லை. ஆனால் வெளிச்சம் இருக்கிறது, அடங்கிய வெளிச்சம். எனவே ஒளி என்றால் மகிழ்ச்சி என்று நேராகச் சமப்படுத்தக் கூடாது. எதிர்ப்பக்கமும் அப்படித்தான். தோடி நிறத்தில் ஆழ்ந்தது. ஆனால் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டவர்கள் அதைச் சோகம் என்று சொன்னதில்லை. பெருமிதம் என்றுதான் சொன்னார்கள்.

பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் காலையில் பாடும் நாட்டுப்பண் பெரும்பாலும் இந்த ஸ்தானங்களில்தான் நடக்கிறது. கல்யாண ஊர்வல பாண்டும், தேவாலயத்துப் பாடல்கள் பலவும், எண்ணற்ற சினிமாப் பாடல்களும் அப்படியே. விழாவோடும் கூட்டத்தோடும் சேர்த்தே இந்த வரிசையைச் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். அமைப்பு விதைத்ததைப் பழக்கம் வளர்த்திருக்கிறது.

முடிவாக

சொன்னதைத் தொகுத்துக்கொள்கிறேன். முழு, முழு, அரை என்ற வரிசை தன்னளவில் ஒளியும் அல்ல, இருளும் அல்ல. அந்த வரிசையில் சட்ஜம் சரியான இடத்தில் அமரும்போது மூன்று காரியங்கள் ஒன்றுசேர நடக்கின்றன. அரை இடைவெளிகள் இரண்டும் ஓய்விடத்துக்குக் கீழே அமைந்து மேல் நோக்கி இழுக்கின்றன. காந்தாரம் தம்புராவுக்குள் ஏற்கெனவே இருக்கும் காந்தாரத்தோடு கரைகிறது. மத்தியமம் தவிர மற்ற சுரங்கள் அனைத்தும் உயர்ந்த நிலையில் நிற்க, அந்த மத்தியமம் ஓய்வைத் தருகிறது. சங்கராபரணத்தின் ஒளிக்கு இந்த மூன்றும் சேர்ந்ததே காரணம் என்பது என் முடிவு.

இங்கே இருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். சங்கராபரணத்தைத் தொடங்கும் மாணவருக்கு முதல் பாடத்தைக் கீபோர்டில் கொடுக்காதீர்கள். தம்புராவைச் சுருதி சேர்த்துக் கையில் கொடுங்கள். மந்தர சட்ஜத்துக்குள் இருக்கும் காந்தாரத்தை அவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும். அதன் மேல் தன் குரலை நிறுத்தட்டும். அதன்பிறகு ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை வாசிக்கச் சொல்லி, சுருதியை ஒரு கட்டையிலிருந்து மூன்று கட்டைக்கு மாற்றிக் காட்டுங்கள். சங்கராபரணம் எது, தோடி எது என்பதை அந்த மாணவர் பிறகு ஒருபோதும் புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது.